சுதி மாறாம ராகம் மாறுவது எப்படி? எட்டயபுரம் சொல்லும் பாடம்

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு நேயர் அனுப்பிய கேள்வியிலிருந்து இன்னைக்குத் தொடங்கலாம். "வெஸ்டர்ன் மியூசிக்ல ஒரு பாட்டு நடுவுலயே ஸ்கேல் மாறுது. மாறினது தெரியாமலே மாறுது. நம்ம சங்கீதத்துல அப்படி உண்டா?" இதுதான் கேள்வி. கோவில்பட்டியிலிருந்து கிழக்கே பஸ் ஏறினா, கொஞ்ச நேரத்துல வந்துடற ஒரு சின்ன ஊருல இதுக்கு விடை அச்சடிச்சு வச்சிருக்காங்க. எட்டயபுரம். சுத்திலும் கரிசல் காடு, பருத்தி, கம்பு, உளுந்து. அந்த ஊர்ல 1904ல வெளிவந்த ஒரு புத்தகத்துல அந்த விடை இருக்கு.

முதல்ல ஸ்கேல் மாறுறதுன்னா என்னன்னு பார்த்துடலாம். நம்ம ஊர் லைட் மியூசிக் கச்சேரி கேட்டவங்களுக்கு ஒரு வகை நல்லாத் தெரியும். கடைசிச் சரணம் வரும்போது பாடகர் அரைக் கட்டை மேல ஏத்திடுவாரு. ஒண்ணரைக் கட்டையில போயிட்டிருந்த பாட்டு திடீர்னு ரெண்டு கட்டைக்குப் போகும். கூட்டம் கைதட்டும். டைட்டானிக் படத்துப் பாட்டு ஞாபகம் இருக்கா, 1997ல வந்தது? அதுல கடைசிப் பகுதி அரைக் கட்டைக் கணக்குல நாலு படி மேல தாவும். இது தூக்கிப் போடற வேலை. நல்லா இருக்கும், ஆனா மாறினது எல்லாருக்கும் தெரியும்.

இன்னொரு வகைதான் கஷ்டமானது. ஹார்மோனியத்துல ஒண்ணாம் கட்டையை ச-வா வச்சு வெள்ளைக் கட்டைகளை மட்டும் வாசிங்க. சங்கராபரணம் மாதிரி வரும். இப்ப அஞ்சாம் கட்டையை ச-வா வச்சு அதே ஏழு சுரங்களை வாசிங்க. ஏழுல ஆறு கட்டை அதேதான். ஒண்ணே ஒண்ணுதான் மாறும், நாலாம் கட்டைக்குப் பதிலா அதுக்கு அடுத்த கறுப்புக் கட்டை. இசையமைப்பாளர் என்ன பண்ணுவாருன்னா, ரெண்டுக்கும் பொதுவான அந்த ஆறு சுரங்களுக்குள்ளேயே கொஞ்ச நேரம் சுத்துவாரு. மாறுற சுரத்தைத் தொடவே மாட்டாரு. நீங்க இன்னும் பழைய வீட்டுலதான் இருக்கோம்னு நினைச்சுட்டிருப்பீங்க. அப்புறம் அந்தக் கறுப்புக் கட்டையை மெதுவா ஒரு தடவை தொடுவாரு. அப்பதான் தெரியும், வாசல் தாண்டி ரொம்ப நேரமாச்சுன்னு.

[இங்கே ஹார்மோனியத்தில் இரண்டையும் வாசித்துக் காட்டினேன். ஒலிப்பதிவில் கேட்கலாம்.]

ஆக, வேலையோட சாரம் ரெண்டே விஷயம். ரெண்டு பக்கத்துக்கும் சொந்தமான பொதுச் சுரங்கள் வேணும். மாறுற சுரத்தை எப்பக் காட்டறதுங்கற நேரம் வேணும்.

இப்ப நம்ம சங்கீதத்துக்கு வருவோம். இங்க ஒரு சிக்கல் இருக்கு. தம்புரா. நாகஸ்வரம்னா ஒத்து. கச்சேரி தொடங்கினதுலேர்ந்து முடியற வரைக்கும் ஒரே ச ஒலிச்சுக்கிட்டே இருக்கும். தரையைப் பெயர்த்து வேற இடத்துல போட முடியாது. அதனால நம்ம ஆட்கள் அந்தக் கலையை வேற இடத்துல காட்டினாங்க. ச அங்கேயேதான் இருக்கும், அதுக்கு மேல இருக்கற ராகம் மாறும். ராகமாலிகை. ஒரு ராகத்துலேர்ந்து இன்னொண்ணுக்குப் போகும்போது காதுல உறுத்தாமப் போகணும். அதே பிரச்சினை, அதே பொதுச் சுரம், அதே நேரக் கணக்கு.

சரி, எட்டயபுரத்துக்கு ஏன் போகணும்?

முத்துசுவாமி தீட்சிதர் திருவாரூர்ல பிறந்தவர், ஆனா உயிர் விட்டது எட்டயபுரத்துல. 1835, தீபாவளி நாள். சமாதியும் அங்கதான். அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் எட்டயபுரம் சமஸ்தான வித்வான். வயலினை நம்ம சங்கீதத்துக்குள்ள கொண்டு வந்தவர்னு பேர் வாங்கினவர். இந்தப் பாலுசுவாமியோட பேரன், அவரே சுவீகாரம் எடுத்து வளர்த்த பிள்ளை, சுப்பராம தீட்சிதர். 1839லேர்ந்து 1906 வரைக்கும் இருந்தவர். குடும்பத்துச் சொத்தா வாய்வழியா வந்த பாட்டெல்லாம் இவர் தலைக்குள்ள இருந்தது. இவருக்கு அப்புறம்?

அந்தக் கேள்வியைக் கேட்டவர் சென்னையிலிருந்த ஏ.எம். சின்னசாமி முதலியார். கிறிஸ்தவர், அரசாங்க உத்தியோகஸ்தர். நம்ம கீர்த்தனைகளை மேல்நாட்டு அஞ்சு கோட்டு முறையில எழுதி அச்சுப் போட்டவர். 1890கள்ல அந்த வேலையைத் தொடங்கினாரு. கண் பார்வையைக்கூட அதுலயே இழந்தாரு. சுப்பராம தீட்சிதரிடம் இருக்கறதை எழுத்துல கொண்டு வந்தே ஆகணும்னு விடாம நின்னவர் அவர்தான். எட்டயபுரம் ராஜா செலவை ஏத்துக்கிட்டாரு. 1904ல சமஸ்தானத்து வித்யா விலாசினி அச்சகத்துலேயே புத்தகம் வந்தது. பேரு சங்கீத சம்பிரதாய பிரதர்சினி. தமிழ்க் கரிசல் பூமியில அச்சான அந்தப் புத்தகம் தெலுங்குல இருக்கும். இதையும் ஞாபகம் வச்சுக்குங்க. (அதே 1904ல மதுரை சேதுபதி பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் வேலைக்குப் போன ஒரு எட்டயபுரத்து இளைஞர், அதுக்கு முன்னால அரண்மனையில வேலை பார்த்திட்டிருந்தாரு. சுப்ரமணிய பாரதி. அதை வேற எபிசோடுக்கு வச்சுக்கலாம்.)

அந்தப் புத்தகத்தோட அனுபந்தத்துல ராகமாலிகைகள் இருக்கு. முத்துசுவாமி தீட்சிதரோட அப்பா ராமசுவாமி தீட்சிதர் நூத்தெட்டு ராகம், தாளத்துல ஒரு மாலிகை பண்ணினாரு. அதுல ஒரு பகுதிதான் நமக்குக் கிடைச்சிருக்கு. எனக்கு அதைவிடச் சின்னதா இருக்கற ஒண்ணுதான் பிடிக்கும். முத்துசுவாமி தீட்சிதரோட 'ஸ்ரீ விஸ்வநாதம்'. பதினாலு ராகம். திருவாரூர்ப் பக்கம் குழிக்கரைங்கற ஊர்ல இருக்கற விஸ்வநாதர் மேல பாடினது. பதினாலு உலகத்துக்குப் பதினாலு ராகம்னு கணக்கு.

முதல் ஆறு ராகத்தை மட்டும் எடுத்துக்கறேன். பல்லவியில ரெண்டு: ஸ்ரீ, ஆரபி. அனுபல்லவியில நாலு: கௌரி, நாட்டை, கௌளை, மோகனம். ஒவ்வொரு ராகத்தோட பேரும் சாகித்யத்துக்குள்ளேயே மறைஞ்சு வரும். ஏன் இந்த வரிசை? இதைத்தான் நான் பல நாள் ஹார்மோனியம் வச்சுக்கிட்டு யோசிச்சேன்.

ஸ்ரீராகம் மேல போறதைப் பாருங்க: ச ரி ம ப நி ச. ஆரபி மேல போறது: ச ரி ம ப த ச. முதல் நாலு படியும் ஒண்ணேதான். ஒண்ணாம் கட்டை ச-ன்னா, ரெண்டாம் கட்டை ரி, நாலாம் கட்டை ம, அஞ்சாம் கட்டை ப. ரெண்டு ராகத்துக்கும் இதே கட்டைகள்தான். அதனால ஆரபி தொடங்கும்போது கொஞ்ச நேரம் நீங்க ஸ்ரீராகத்துலதான் இருக்கீங்க. த வரும்போதுதான், இல்லைன்னா இறங்கும்போது க வரும்போதுதான் விஷயம் வெளியே தெரியும். ஸ்ரீராகத்துல வர்ற க, நி ரெண்டும் தாழ்ந்தது. ஆரபியில ரெண்டுமே உயர்ந்தது.

[இரண்டு ஆரோகணங்களும் இங்கே பாடப்பட்டன.]

இப்ப அடுத்த ராகம் கௌரி. அது மாயாமாளவகௌளைக் குடும்பம். அதோட ரி சின்னது, ச-வுக்கு அடுத்த கறுப்புக் கட்டை. ஸ்ரீராகத்துலேர்ந்து நேரா கௌரிக்குப் போனா ரி மாறும், க மாறும், நி மாறும். மூணும் ஒரே நேரத்துல. காது தடுக்கி விழும். ஆனா நடுவுல ஆரபி இருக்கே! ஆரபியோட உயர்ந்த க, உயர்ந்த நி ரெண்டும் கௌரிக்கும் அதேதான். ம, ப எப்பவும் போல. ஆக ஆரபி ஒரு பாலம். அதோட ஏறுவரிசை இந்தக் கரையில ஸ்ரீராகத்தோட ஒட்டி நிக்குது, அதோட க-வும் நி-யும் அந்தக் கரையில கௌரியோட ஒட்டி நிக்குது. ஆரபி வழியா போனா பெரிசா உறைக்கற மாற்றம் ரி ஒண்ணுதான். (த-வும் மாறுது, ஆனா கௌரி மேல போகும்போது த-வைத் தொடறதே இல்லை. இறங்கும்போதுதான் வரும்.)

அந்த ரி மாற்றத்தையும் எங்க வச்சிருக்காருன்னு பாருங்க. பல்லவி முடிஞ்சு அனுபல்லவி தொடங்கற தையல்ல வச்சிருக்காரு. பாட்டு எப்படியும் மூச்சு விட்டு, புதுசா எழற இடம் அது. அங்க ஒரு சுரம் மாறினா காது அதை மாற்றமா எடுத்துக்காது, தொடக்கமா எடுத்துக்கும்.

அதுக்கு அப்புறம் நடக்கறது இன்னும் அழகு. கௌரி, நாட்டை, கௌளை. மூணுலேயும் க, ம, ப, நி ஒரே கட்டைகள். ரி மட்டும் நடக்குது. கௌரியில சின்ன ரி. நாட்டையில ரொம்பப் பெரிய ரி, ச-லேர்ந்து மூணு கட்டை தள்ளி. கௌளையில மறுபடி சின்ன ரி. இறங்கும்போது கேளுங்க: நாட்டை 'ச நி ப ம ரி ச'. கௌளையும் 'ச நி ப ம ரி'ன்னுதான் தொடங்கும். அதே படிக்கட்டு, கடைசிப் படி மட்டும் உயரம் வேற. ஸ்ரீராகமும் 'ச நி ப ம ரி'ன்னுதான் இறங்கும், தாழ்ந்த நி-யோட. நாட்டை, கௌளை, ஆரபி, ஸ்ரீ இந்த நாலும் கன ராகங்கள்னு சொல்ற அஞ்சுல சேர்ந்தவை. வராளி மட்டும்தான் இங்க இல்லை. அந்த ராகங்களை ஏன் ஒண்ணா வச்சுத் தானம் வாசிச்சாங்கங்கறதுக்கும் இந்தப் பொதுப் படிக்கட்டு ஒரு காரணமா இருக்கலாம்னு எனக்குத் தோணும். அது என் ஊகம்.

கடைசியா மோகனம். அங்க ம-வும் நி-யும் காணாமப் போகுது. ச ரி க ப த மட்டும். கௌளையிலேர்ந்து வந்த க, ப அப்படியே நிக்கும். ரி நடு ரிக்கு வந்துடும். அது எந்த ரி? ஸ்ரீராகத்துல தொடங்கின அதே ரி. வீட்டுக்குத் திரும்பறதுக்கு வாசல் திறந்தாச்சு.

இப்ப ஒரு சாதாரண ஆள் என்ன பண்ணுவாரு? மோகனத்துலேர்ந்து நேரா பல்லவிக்குத் தாவிடுவாரு. நிறையப் பேர் அப்படித்தான் ராகமாலிகை பண்ணியிருக்காங்க, தப்பும் இல்லை. தீட்சிதர் பின்னோக்கி நடக்கறாரு. மோகனம், கௌளை, நாட்டை, கௌரி, ஆரபி, ஸ்ரீ. ஒவ்வொண்ணையும் ஒரு சின்னத் துண்டாத் தொட்டுத் தொட்டு வந்து, பல்லவியில கொண்டு விடறாரு. இதுக்கு விலோமம்னு பேரு. சரணத்துல வர்ற எட்டு ராகத்துக்கும் அதே மாதிரி தலைகீழா ஒரு திரும்பு பயணம் உண்டு. வரும்போது மெதுவா, போகும்போது வேகமா. பாலமா இருந்த ஆரபி, திரும்பும்போதும் அதே இடத்துல அதே வேலையைச் செய்யுது.

இது வித்தையைக் காட்டறதுக்காக மட்டும் இல்லை. ஆறு ராகம் கேட்ட பிறகு ஸ்ரீராகம் எப்படி இருந்ததுன்னே காதுக்கு மறந்து போயிருக்கும். நேராத் தாவினா பல்லவி ஏழாவது புது ராகம் மாதிரிக் கேட்கும். வந்த வழியே கூட்டிக்கிட்டுத் திரும்பினாதான் அது வீடு மாதிரிக் கேட்கும்.

ஒரு எச்சரிக்கை. நான் ஹார்மோனியத்தை வச்சுக் கட்டை கட்டையாச் சொன்னது வசதிக்காக. கௌரியோட ரி-யும் கௌளையோட ரி-யும் ஹார்மோனியத்துல ஒரே கட்டை, பாடும்போது ஒண்ணு இல்லை. கௌளை ரிஷபம் இன்னும் தாழ்ந்து, அசைஞ்சு நிக்கும். அந்த அசைவைத் தப்பாப் பிடிச்சா, வரிசை எவ்வளவு நல்லா இருந்தாலும் கௌளை வந்ததே தெரியாது. மாயாமாளவகௌளை ஸ்வரம் பாடற மாதிரி இருக்கும். சுப்பராம தீட்சிதர் சுரங்களுக்கு மேல கமகக் குறிகளைத் தனியாப் போட்டு அச்சடிச்சது அதுக்காகத்தான். அச்சுக் கோர்த்தவங்க பாவம்.

சரி, பதினாலு ராகம் சமாச்சாரம் எல்லாருக்கும் பழக்கம் இருக்காது. பழக்கமான பாட்டுக்கு வருவோம். திருவிளையாடல், 1965. 'ஒரு நாள் போதுமா'. கே.வி. மகாதேவன் இசை, கண்ணதாசன் பாட்டு, பாலமுரளிகிருஷ்ணா குரல், திரையில ஹேமநாத பாகவதரா டி.எஸ். பாலையா. மாண்டு ராகத்துல தொடங்கும். பிறகு தோடி, தர்பார், மோகனம், கானடான்னு வரிசையா வரும்.

மாண்டுலேர்ந்து தோடிக்குப் போறது சின்ன விஷயம் இல்லை. ரி, க, த, நி நாலுமே தாழ்ந்து போகும். மிச்சம் இருக்கறது ச, ம, ப மட்டும். தீட்சிதர் மாதிரி நடுவுல ஒரு பாலம் போட இங்க இடமில்லை, சினிமாப் பாட்டு. அதனால பாலத்தை வார்த்தையில போட்டுட்டாங்க. எழுந்து ஓடி வர்றதைச் சொல்ற ஒரு சொல்லுக்குள்ள தோடிங்கற பேரை ஒளிச்சு வச்சிருப்பாரு கவிஞர். அடுத்து ராஜசபையைச் சொல்ற தர்பார். அப்புறம் மோகனம். கடைசியில காண்-அடான்னு பிரிக்கலாம், கானடான்னும் சேர்க்கலாம். ராகம் மாறுறதும் பேர் விழறதும் ஒண்ணா நடக்குது. திடீர் மாற்றத்தை மறைக்காம, அதையே சிலேடையா ஆக்கி ரசிக்க வைக்கறாங்க. பாகவதர் தன் பெருமையை அடிச்சுக்கற காட்சிக்கு அதுதான் பொருத்தமும்கூட. தோடிக்கு அப்புறம் படிகள் சின்னதாகுது: தோடிக்கும் தர்பாருக்கும் க, நி பொது. முன்னால வந்த தர்பாரும் கடைசியில வர்ற கானடாவும் ஒரே கரகரப்பிரியா வீட்டுப் பிள்ளைங்க.

இதுக்கு நேர் எதிர் வேலை 1975ல அபூர்வ ராகங்கள் படத்துல 'அதிசய ராகம்'. எம்.எஸ். விஸ்வநாதன். மஹதிங்கற ராகம், நாலே சுரம்: ச, க, ப, நி. பாட்டோட கடைசியில பைரவிக்குப் போகும், கதாநாயகி பேரும் பைரவி. மஹதியோட ச, ப, நி மூணும் பைரவிக்கும் சொந்தம். க ஒண்ணுதான் ஒரு கட்டை கீழ இறங்குது. பாட்டு முழுக்க அந்த உயர்ந்த க-வைக் காதுல ஊற வச்சுட்டு, கடைசியில கீழ இறக்கினா எப்படி இருக்கும்! ஒரு சுர மாற்றம், சரியான நேரத்துல. அவ்வளவுதான் அந்தப் பாட்டோட முடிச்சு.

இப்ப ஒரு நேயர் கேட்கலாம்: "இதெல்லாம் ராகம் மாறுறது. தரையே மாறுறது, ச மாறுறது, அது நம்மகிட்ட இல்லவே இல்லையா?" இருக்கு. கிரகபேதம்னு பேரு. அதுக்குக் கோவில்பட்டியிலேயே உதாரணம் எடுக்கலாம்.

கோவில்பட்டியில நாகஸ்வரத்தோட ஒரு சிலை இருக்குமே, காருகுறிச்சி அருணாசலம். திருநெல்வேலிப் பக்கம் காருகுறிச்சியில பிறந்து, டி.என். ராஜரத்தினம் பிள்ளைகிட்டக் கத்துக்கிட்டு, கோவில்பட்டியில குடியேறினவர். 1964ல, நடுத்தர வயசுலேயே போயிட்டாரு. 1962ல வந்த கொஞ்சும் சலங்கையில எஸ். ஜானகி குரலோட அவர் நாகஸ்வரம் போட்டி போடற 'சிங்கார வேலனே' ஆபேரி ராகம். அந்தப் பாட்டுல கிரகபேதம் கிடையாது, நான் ராகத்தை மட்டும் கடன் வாங்கிக்கறேன்.

ஆபேரி மேல போறது: ச க ம ப நி ச. இந்த அஞ்சு சுரத்தையும் அப்படியே வச்சுக்குங்க, ஒரு கட்டையும் மாத்தாதீங்க. க-வை மட்டும் ச-ன்னு நினைச்சுக்குங்க. அங்கேர்ந்து எண்ணினா க, ம, ப, நி, மேல் ச எல்லாம் ச, ரி, க, ப, த ஆயிடும். மோகனம்! ஆபேரி இறங்கும்போது கூட வர்ற த, ரி ரெண்டையும் சேர்த்தா அதே க-லேர்ந்து கல்யாணி.

[இங்கே ஒரே ஐந்து கட்டைகள் இரண்டு முறை வாசிக்கப்பட்டன. முதல் முறை கீழே ச ஒலிக்கிறது, இரண்டாம் முறை க ஒலிக்கிறது.]

கேட்டீங்களா? கை ஒரே இடத்துலதான் போச்சு. கச்சேரியில இதைச் செய்யறவங்களுக்கு அடியில சுதியை மாத்தற வசதி இல்லை. அதனால படிப்படியா ஏமாத்தணும். முதல்ல ஆபேரிக்கு நியாயமாவே நின்னு இளைப்பாறக் கூடிய க-வுல நிக்கணும். ரெண்டாவது, பழைய ச-வுல கொஞ்ச நேரம் வந்து உட்காரக் கூடாது, போற வழியில தொட்டுட்டுப் போயிடணும். மூணாவது, மோகனத்துக்கே உரிய ஒரு பிடியைப் பாடணும், வெறும் சுர வரிசை பத்தாது. கேட்கறவங்க முகத்துல ஒரு சின்னக் குழப்பம் வந்து, அப்புறம் சிரிப்பு வந்தா வேலை நடந்துடுச்சு. குழப்பம் மட்டும் வந்து சிரிப்பு வரலைன்னா ச இன்னும் நகரலைன்னு அர்த்தம். நாலாவது, சட்டுனு பழைய ச-வுக்கு இறங்கிடணும். ஜி.என். பாலசுப்பிரமணியம் ராக ஆலாபனையில இதைச் செஞ்சு பேர் வாங்கினவர்.

ஏன் சட்டுனு இறங்கணும்? தம்புரா நிக்காதே! அது பழைய ச, ப-வையே சொல்லிக்கிட்டிருக்கும். ஆபேரியில க-வை ச ஆக்கும்போது தம்புராவோட ச புது மோகனத்துக்குத் த, தம்புராவோட ப அதுக்குக் க. ரெண்டும் மோகனத்துக்குள்ள அடங்கிடுது, அதனால உறுத்தல் குறைவு. சங்கராபரணத்துல க-வை ச ஆக்கினா தோடி வரும். அங்க பழைய ச தோடிக்குச் சின்ன தைவதம். அது அடியில விடாம ஒலிச்சா இழுபறிதான். இன்னொரு சிரமம், ச அசையக் கூடாது. க-வுக்குப் பழக்கப்பட்ட அசைவை அப்படியே போட்டா, புது ச ஆடும், புது ராகம் பிறக்கவே பிறக்காது. சங்கராபரணத்துல நி-யை ச ஆக்கினா என்ன ராகம் வரும்னு சிலர் கேட்பாங்க. ஒண்ணும் வராது. அங்கேர்ந்து எண்ணினா ப விழற கட்டையே இருக்காது, ரெண்டு ம பக்கத்துல பக்கத்துல நிக்கும்.

நேயரோட கேள்விக்கு ஒரு வித்தியாசத்தையும் சொல்லிடறேன். மேல்நாட்டுல ஸ்கேல் மாறினா, கீழ வாசிக்கற எல்லாரும் கூடவே மாறுவாங்க. அங்கயே ரொம்ப நேரம் குடியிருக்கலாம், திரும்பாமலேகூடப் பாட்டை முடிக்கலாம். கிரகபேதத்துல பாடகர் மட்டும்தான் நகர்றாரு, அடியில தரை நகரலை. நீண்ட நேரம் வேற இடத்துல வாழணும்னா நமக்கு ராகமாலிகைதான் வழி.

அடுத்து நீங்க செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. 'ஸ்ரீ விஸ்வநாதம்' பல பேர் பாடின பதிவுகள் கிடைக்குது. கேட்கும்போது கண்ணை மூடிக்கிட்டு ஸ்ரீராகம் ஆரபியா மாறுற இடத்தைப் பிடிக்கப் பாருங்க. பேர் வர்ற இடத்தைப் பார்க்காதீங்க, அந்த உயர்ந்த க எங்க விழுதுன்னு பாருங்க. ரெண்டு மூணு தடவை தப்பும். அப்புறம் விலோமத்துல அதே எல்லையை எதிர்ப்பக்கத்துலேர்ந்து கடக்கும்போது சுலபமாப் பிடிபடும். புத்தகத்தையே பார்க்கணும்னா தெலுங்கு தெரிய வேண்டியதில்லை. சென்னை மியூசிக் அகாடமி 1961லேர்ந்து தமிழ் எழுத்துல பாகம் பாகமா வெளியிட்டிருக்கு. கமகக் குறிகளுக்கான விளக்கத்தை முதல்ல படிச்சுட்டு அப்புறம் பாட்டுக்குப் போங்க.